மீன் தராசில் எழுபது கிராம் பன்னீர்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. அப்பா வேலை செய்யும் விசைப்படகு கரைக்கு வந்தது. வீட்டுக்கு மீன் வருவது நின்றது.

2. அதே வாரம் அக்காவுக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

3. ஆஸ்பத்திரிப் பரிசோதனையில் அக்காவின் எடை போதவில்லை, குழந்தையும் கொஞ்சம் சிறியதாக இருக்கிறது என்றார்கள். ஒரு நாளைக்கு எழுபது கிராம் புரதம் உள்ளே போக வேண்டும் என்று நர்ஸ் சொன்னார்.

4. அக்காவின் மாமியார் போனில் புரதம் என்றால் பன்னீர் என்றார். முட்டை கூடாது என்றும் சொன்னார்.

5. அம்மா மீன் எடைபோடும் தராசில் தினமும் எழுபது கிராம் பன்னீர் நிறுத்து அக்காவுக்குக் கொடுத்தாள்.

6. அடுத்த பரிசோதனையில் அக்காவின் எடை சரியாக ஏறியிருக்கவில்லை. அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

7. எனக்குக் கோபம் வந்தது.

ஏழாவது இன்னும் முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு கிளிஞ்சல்மேட்டில் இருக்கிறது. அப்பா படகுக்குப் போகிறவர். அம்மா ஏலத்தில் மீன் எடுத்து, காரைக்கால் டவுனில் தெருத்தெருவாகப் போய் விற்பவள். தடைக்காலத்தில் இரண்டு பேர் வருமானமும் ஒரே நாளில் நிற்கும். நிவாரணப் பணம் வந்தால் அது அரிசிக்கும் வட்டிக்கும் போய்விடும். மிச்சமிருப்பது என் சம்பளம். நான் ஓர் இறால் பண்ணையின் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். குளத்து நீரில் உப்பு எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு, இறால் எத்தனை கிராம் வளர்ந்திருக்கிறது, அதற்கு எத்தனை கிலோ தீவனம் போட்டோம் என்று பார்ப்பது என் வேலை.

எங்களைப் போன்ற வீடுகளில் புரதத்துக்கு விலை கிடையாது என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். படகுக்குப் போகிறவர் திரும்பும்போது கூலியோடு கறிக்கு என்று ஒரு பங்கு மீன் கொண்டுவருவார். மத்தியோ கிழங்கானோ, அன்றைக்கு வலையில் எது விழுந்ததோ அது. குழம்பில் அதுதான் இருக்கும், தட்டில் அதுதான் இருக்கும். நான் வளர்ந்ததே அதில்தான். அதற்காக யாரும் பர்ஸைத் திறந்து நான் பார்த்ததில்லை. தடை வந்தால்தான் முட்டை என்ன விலை, பருப்பு என்ன விலை என்று அம்மா கேட்பாள். சிறு படகுகளில் வரும் கொஞ்ச மீனும் அப்போது எங்களுக்கு எட்டாத விலைக்குப் போகும். மற்ற வருடங்களில் அந்த இரண்டு மாதத்தை ரசத்திலும் கருவாட்டிலும் ஓட்டிவிடுவோம். இந்த வருடம் அக்கா இருந்தாள்.

முதல் பரிசோதனைக்கு நான் போகவில்லை, வேலை இருந்தது. போய்வந்த அம்மா, மறந்துவிடக் கூடாத போன் நம்பரைப் போல "எழுபது கிராம், எழுபது கிராம்" என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குள் வந்ததாக அக்கா பிறகு சொன்னாள். நர்ஸ் சொன்னது சரியான அளவுதான். ஏழு மாதம் தாண்டிய, அக்காவின் உடம்பு வாகுள்ள பெண்ணுக்கு அவ்வளவு வேண்டும். ஆனால் வரிசையில் இன்னும் நாற்பது பேர் நிற்கும்போது அவர் சொன்னது அந்த ஒரு வரி மட்டும்தான். புரதம் என்பது தனியாகக் கடையில் விற்கும் பொருள் இல்லை, ஒவ்வொரு சாப்பாட்டுக்குள்ளும் ஒரு பங்காக ஒளிந்திருப்பது என்பதை அவர் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. கேட்டால் படிக்காதவள் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம் அவளுக்கு எந்த கவுன்டரிலும் உண்டு.

அன்று மாலையே அக்காவின் மாமியார் போன் செய்தார். அவர்களுக்குச் சொந்தமாக விசைப்படகு இருக்கிறது. பெண் கொடுத்த இடம் என்பதோடு ஓனர் வீடு என்பதும் சேர்ந்து, அவர் போன் வந்தால் அம்மா எழுந்து நின்றுதான் பேசுவாள். அம்மா எழுபது கிராம் விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. புரோட்டீன் என்றால் பன்னீர், அவருடைய அண்ணன் மகளுக்கு அதைத்தான் கொடுத்தார்கள், பிள்ளை மூன்றே கால் கிலோ. முட்டை இந்தக் கத்திரி வெயிலில் சூடு, பிள்ளைக்குச் சொறி வரும். கோழி எல்லாம் ஊசி போட்டது. பருப்பு வாயு, பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆகாது. பால் கொடுக்கலாம், குங்குமப்பூ போட்டு.

அம்மா எல்லாவற்றுக்கும் "சரிங்க சம்பந்தி" என்றாள். மறுநாள் முதல் பன்னீர் வந்தது. இருநூறு கிராம் பாக்கெட் தொண்ணூற்றைந்து ரூபாய். எனக்கு அது தெரியும். விலையைப் பற்றி ஒருமுறை முணுமுணுத்தேன். "அவங்க சொல்லிட்டாங்கல்ல" என்று அம்மா பேச்சை முடித்துவிட்டாள். மற்ற சாப்பாட்டோடு கூடுதலாகப் பன்னீரும் கொடுக்கிறாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். விடியற்காலையில் கிளம்பிப்போய் இருட்டியபின் வருகிறவளுக்கு, பகலில் அக்காவின் தட்டில் என்ன விழுகிறது என்று தெரிய வழியில்லை.

இரண்டாவது பரிசோதனைக்கு அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போனேன். எடை பார்க்கும் மெஷினில் அக்கா ஏறி நின்றாள். அந்த இடைவெளியில் ஒன்றரை கிலோவாவது ஏறியிருக்க வேண்டும். இருநூறு கிராம் ஏறியிருந்தது. நர்ஸ் அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, சாப்பிடவே மாட்டியா நீ? சொன்னா கேக்க மாட்டீங்களா?"

திட்டினால் தலையைக் குனிந்துகொள்வது அக்காவின் பழக்கம். அம்மாதான் முன்னால் வந்தாள். பெண்ணைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்ற பேர் வந்துவிடக் கூடாது என்ற அவசரம் அவளுக்கு.

"இல்லைங்க, நீங்க சொன்னபடிக்கு எழுபது கிராம் குடுக்குறேங்க. தெனமும். மீன் நிறுக்குற தராசுல நிறுத்துத்தான் குடுக்குறேன். ஒரு கிராம் கொறையாது."

"எதை நிறுத்துக் குடுக்குறீங்க?"

"பன்னீருங்க."

நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பக்கத்து மேசையில் இருந்தவரைக் கூப்பிட்டு, "இங்க பாரேன், மீன் தராசுல புரோட்டீன் நிறுத்துக் குடுக்குறாங்களாம்" என்றார். அவரும் சிரித்தார். வரிசையில் நின்ற இரண்டு மூன்று பேர், என்னவென்று புரியாமலே சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். தான் எதற்காகச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் அவள் சிரித்தது என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

அந்த நர்ஸ் கெட்டவர் இல்லை. அக்காவின் கையைப் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டவரும் அவர்தான். ஆனாலும் கேட்கிறேன்: எழுபது கிராம் கொடு என்று ஒருவரிடம் சொல்கிறீர்கள். அவர் வாழ்நாள் முழுக்கத் தராசு பிடித்தவர். கிராம் என்றால் அவருக்கு என்ன தெரியுமோ அதைச் செய்தார், தவறாமல் செய்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? சொன்னதை அப்படியே செய்தவளைப் பார்த்தல்லவா சிரித்தீர்கள்? சொல்லும்போது இன்னும் ஒரே ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தால் மூன்று வாரம் வீணாகியிருக்காது.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். காலையில் இட்லி, சட்னி. மதியம் சோறு, ரசம், பன்னீர். இரவு மறுபடி சோறு, ஊறுகாய். நடுவில் ஒரு டம்ளர் பால். முதல் வாரம் அம்மா கொடுத்துக்கொண்டிருந்த இரண்டு முட்டை நின்றுவிட்டது. பருப்பும் நின்றுவிட்டது. மாமியார் வேண்டாம் என்றது ஒரு காரணம். பன்னீருக்குக் காசு வேண்டும் என்பது இன்னொரு காரணம். எழுபது கிராம் ஆகிவிட்டது, இனி மற்றது எதற்கு என்பது மூன்றாவது காரணம். அக்காவுக்குப் பசித்திருக்கிறது. கேட்கக் கூச்சப்பட்டிருக்கிறாள். கல்யாணம் ஆகிப் போனபின் பிறந்த வீட்டிலேயே கேட்டுச் சாப்பிடக் கூச்சம் வந்துவிடுகிறது போல.

நான் ஒரு தாளை எடுத்து உட்கார்ந்தேன். பண்ணையில் தினமும் செய்கிற வேலைதான் இது. இறால் தீவன மூட்டையின் மேல் புரதம் முப்பத்தாறு சதவீதம் என்று அச்சடித்திருக்கும். இருபத்தைந்து கிலோ மூட்டையில் ஒன்பது கிலோதான் புரதம், மீதி மாவு, எண்ணெய், தாது உப்பு, ஈரம். இந்தத் தீவனத்தில் ஒரு ரூபாய்க்கு எத்தனை கிராம் புரதம், அந்தத் தீவனத்தில் எத்தனை, எதற்கு இறால் நன்றாக வளர்கிறது என்று மேனேஜர் வாரம் தவறாமல் கேட்பார். குளத்து இறால் இரண்டு கிராம் எடை குறைந்தால் மூன்று பேர் ஓடி வருவார்கள். அக்காவுக்காக அந்தக் கணக்கை ஒருவரும் போடவில்லை.

எங்கள் தெருக்கடை விலைக்குப் பத்து ரூபாய் கொடுத்தால் எவ்வளவு புரதம் கிடைக்கும் என்று போட்டேன்.

துவரம்பருப்பு கிலோ நூற்றைம்பது. நூறு கிராமில் இருபத்திரண்டு கிராம் புரதம். பத்து ரூபாய்க்குப் பதினான்கரை கிராம்.

முட்டை ஆறரை ரூபாய். ஒன்றில் ஆறு கிராம். பத்து ரூபாய்க்கு ஒன்பது கிராம்.

பால் அரை லிட்டர் இருபத்தாறு ரூபாய். அதில் பதினாறு கிராம். பத்து ரூபாய்க்கு ஆறு கிராம்.

கோழி, சுத்தம் செய்த கறி கிலோ இருநூற்று நாற்பது. எலும்பு போகச் சதை அறுநூற்றைம்பது கிராம்தான் நிற்கும், அதில் ஐந்தில் ஒரு பங்கு புரதம். பத்து ரூபாய்க்கு ஐந்தரை கிராம் போல.

பன்னீர் நூறு கிராமில் பதினெட்டு கிராம். பத்து ரூபாய்க்கு நான்கு கிராம்கூட இல்லை.

அப்பா துறைமுகத்தில் படகுக்குப் பெயிண்ட் அடிக்கப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். பன்னீர் கடைசியில் இருந்தது அவரைப் பாதிக்கவில்லை, கோழி அவ்வளவு கீழே இருந்ததுதான் பாதித்தது. கடை போர்டில் உயிர்க்கோழி நூற்று நாற்பதுதானே போட்டிருக்கிறான், நீ இருநூற்று நாற்பது என்று எழுதியிருக்கிறாயே என்றார். உயிர் எடையில் மூன்றில் ஒரு பங்கு இறகும் குடலும் தலையும்தான், அதை நாம் தின்பதில்லை என்றேன்.

"அப்ப எலும்பைக் கடிச்சு உள்ள இருக்குறத உறிஞ்சுறோமே, அதுக்கு ஒண்ணும் கெடையாதா?"

"கெடையாதுப்பா."

"என்னா படிப்பு படிச்சியோ" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அம்மாவுக்கு விளக்க வேண்டியிருந்தது. இறால் வாங்கி உரித்தால் தலையும் ஓடும் போக எவ்வளவு நிற்கும் என்று கேட்டேன். பாதிக்குக் கொஞ்சம் மேலே என்றாள். பன்னீரை அப்படி உரித்தால் ஐந்தில் ஒரு பங்குகூட நிற்காது, எழுபது கிராம் பன்னீரில் பன்னிரண்டரை கிராம்தான் நிற்கும், மீதி கொழுப்பும் தண்ணீரும் என்றேன். அவள் நாட்களை விரலில் எண்ணிப் பார்த்தாள். பிறகு, "அப்ப மூணு வாரமா எம்புள்ள பட்டினி கெடந்துச்சா?" என்றாள். பட்டினி இல்லை, குறைவு என்றேன். அவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அந்த எழுபது கிராம் பன்னீருக்கு நாளொன்றுக்கு முப்பத்து மூன்று ரூபாய் போய்க்கொண்டிருந்தது. அதே காசுக்கு ஐந்து முட்டை, முப்பது கிராம் புரதம். எழுபது கிராம் புரதத்தையும் பன்னீரிலேயே கொடுப்பதென்றால் தினமும் இரண்டு பாக்கெட் வேண்டும். நூற்றுத் தொண்ணூறு ரூபாய். எங்கள் நான்கு பேருக்கும் சேர்த்து, அரிசி போக ஒரு நாளைக்கு நான் ஒதுக்கியிருந்ததே நூற்றைம்பதுதான்.

அன்று இரவே ஒரு நாள் சாப்பாட்டை எழுதி அடுப்பு மேடைக்கு மேலே ஒட்டினேன். சோற்றிலும் இட்லியிலும் சேர்ந்து இருபத்திரண்டு கிராம் வரும். சோற்றில் புரதமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. நன்றாக வேகவைத்த மூன்று முட்டை, பதினெட்டு. எழுபத்தைந்து கிராம் பருப்பு, வேகவைக்கும் முன் நிறுத்தது, பதினாறு. நானூறு மில்லி பால், பதின்மூன்று. கூட்டினால் எழுபதுக்கு ஒன்று குறைவு. சோறு நீங்கலாகச் செலவு ஐம்பத்திரண்டு ரூபாய். அக்காவின் பருப்பைத் தனியாக வேகவைக்கச் சொன்னேன். ஏனென்றால் எங்கள் வீட்டுச் சாம்பாரில் ஆள் கூடினால் வெந்நீர்தான் கூடும், பருப்பு கூடாது. வெந்த பருப்பை நூறு கிராம் நிறுத்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதையும் எழுதினேன். தராசு இருக்கிற வீட்டில் இதை எழுதாமல் இருக்க முடியாது.

சோற்றையும் எண்ணெயையும் குறைக்கக் கூடாது என்றும் அடியில் எழுதினேன். வயிற்றுக்கு வேறு தீனி போதவில்லை என்றால் உடம்பு புரதத்தையே விறகாக எரித்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மாமியார் வந்தார். கையில் ஒரு பன்னீர் பாக்கெட்டும் நான்கு ஆப்பிளும். ஒரு பாக்கெட். மூன்று வாரத்தில் அவர்கள் வீட்டிலிருந்து வந்த முதல் பாக்கெட் அது. அடுப்பில் முட்டை வெந்துகொண்டிருந்தது. அவர் மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு மேலே ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார்.

"என்னா சம்பந்தி இது, ஹோட்டல் மாதிரி மெனு எல்லாம் ஒட்டியிருக்கு?"

அம்மா எழுந்து நின்றாள். நான் சொன்னேன். எடை ஏறவில்லை என்றதை, பன்னீர் கணக்கை, முட்டைக் கணக்கை, எல்லாவற்றையும் மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். முடித்தபின் அம்மாவைப் பார்த்துப் பேசினார், என்னைப் பார்க்கவில்லை.

"படிச்ச புள்ள, கணக்கு நல்லா பேசுது. அவ சுமக்குறது எங்க வீட்டுப் புள்ளைய. அதைப் போயி முட்டையையும் பருப்பையும் போட்டு ஒப்பேத்துறீங்களே. நாலு பேரு மருமவளுக்கு என்னா குடுக்குறாங்கன்னு கேட்டா நான் என்னான்னு சொல்லுவேன்?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் வரிசையாக விளங்கியது. சூடும் இல்லை, வாயுவும் இல்லை, ஊசியும் இல்லை. முட்டை எங்களைப் போன்றவர்கள் தின்பது. பருப்பு இல்லாதவர்கள் தின்பது. பன்னீர் என்று சொன்னால் கேட்கிறவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்கு விலை, முட்டையோடு பார்த்தால் பத்து ரூபாய்க்கு ஐந்து கிராம் புரதம், பருப்போடு பார்த்தால் பத்து கிராம். அதை அக்காவின் வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். காசு எங்களுடையது, பேர் அவர்களுடையது.

"அத்தை, பன்னீர் வேணாம்னு சொல்லலைங்க" என்றேன். "நாள் ஒண்ணுக்கு ரெண்டு பாக்கெட்டு நீங்க வாங்கி அனுப்புங்க, நான் முட்டைய நிறுத்திடுறேன்."

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் எங்கேயாவது ஓடிவிட வேண்டும் என்று இருந்தது. அவர் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"வயசுக்கு மீறிப் பேசுறா" என்றார், அதுவும் அம்மாவிடம்.

அம்மா செய்தது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. அடுப்பை அணைத்தாள். முட்டைப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். கொட்டுவதற்காக இல்லை, முட்டையைக் கொட்டுகிறவள் இல்லை அவள். கண்ணில் படாமல் வைப்பதற்காக. "சின்னப் புள்ள, ஏதோ பேசிட்டுது, மனசுல வெச்சுக்காதீங்க சம்பந்தி" என்று போகிற போக்கில் சொன்னாள். அக்கா நாளைக்கு அந்த வீட்டில்தான் வாழ வேண்டும் என்பதை அவள் கணக்கில் வைத்திருந்தாள். நான் வைக்கவில்லை. அதற்கு என் தாளில் இடம் இல்லை. இருந்தாலும், வாழப்போகிற வீட்டுக்கு முன்னால் ஒரு முட்டையை ஒளிக்க வேண்டியிருப்பது என்ன நியாயம் என்று எனக்குத் தெரியவில்லை.

அக்கா அதுவரை சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையை ஊன்றி மெதுவாக எழுந்தாள். கொல்லைக்குப் போய் அந்தப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு வந்து, மாமியாருக்கு எதிரிலேயே உட்கார்ந்தாள். ஒரு முட்டையை எடுத்துத் தரையில் தட்டினாள். சூடு தாங்காமல் கைக்குக் கை மாற்றினாள்.

"பசிக்குதுங்க அத்தை" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை, அழவும் இல்லை. தண்ணீர் வேண்டும் என்பது போலச் சொன்னாள். ஓட்டை உரித்துச் சேலையில் துடைத்துக் கடித்தாள். மாமியார் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதையும் அவள் எடுத்தபோது, உப்பு போட்டுக்கொள் என்றார். அம்மா ஓடிப்போய் உப்பு எடுத்து வந்தாள். பிறகு டீ குடித்தார்கள், யாரோ ஓர் உறவுக்காரருடைய கல்யாணத்தைப் பற்றிப் பேசினார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, "பொறக்குற புள்ளைக்குச் சொறி கிறி வந்துச்சுன்னா என்னைக் கேக்கக் கூடாது, ஆமா" என்றார். யாரும் கேட்கப்போவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையை அழுத்தினார்.

அன்று மாலை அத்தான் போன் செய்து அக்காவிடம் பேசினார். என்னைப் பற்றி என்ன பேசினார்கள் என்று அக்கா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் முதல் வேறு ஒன்று கவனித்தேன். அக்காவின் மூன்று முட்டைக்கு எடுத்துவைத்த காசில் அம்மா நான்கு முட்டை வாங்குவதாகச் சொன்னாள். எப்படி என்று பார்த்தால், தன் பங்குக்கு இருந்த மோரையும் காயையும் நிறுத்திவிட்டு வெறும் சோற்றையும் வடுமாங்காயையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தாளில் அவளுக்கு ஒரு வரி எழுதினேன்: அம்மா, ஒரு முட்டை, பருப்பு ஒரு கரண்டி. அதைப் படித்துவிட்டு, "எனக்கு எந்த வயித்துல புள்ள?" என்றாள். வயிற்றில் பிள்ளை இருந்தால்தான் ஒரு பெண்ணுக்கு முட்டை என்று யார் எழுதிவைத்தது? தலையில் இருபது கிலோ கூடையோடு வெயிலில் நடக்கிறவளுக்கு அந்தக் கேள்வி கேட்கத் தோன்றவே இல்லை என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட எரிச்சல்.

மூன்றாவது பரிசோதனையில் அதே நர்ஸ்தான் இருந்தார். எடை ஒரு கிலோ எண்ணூறு ஏறியிருந்தது. நல்லது என்றார். என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். அக்கா சொன்னாள். சோறு, பருப்பு, பால், முட்டை என்று எல்லாவற்றையும் அளவோடு சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். வரிசை நீளமாக இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணிடம் அவர் அடுத்து, "ஒரு நாளைக்கு எழுபது கிராம் புரோட்டீன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அந்தப் பெண் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். நான் அவளைப் பின்தொடர்ந்துபோய், வெளியே மரத்தடியில் நிறுத்தி, விளக்கிச் சொன்னேன். விழிதியூரிலிருந்து வந்திருந்தாள். முட்டை சூடு இல்லையா என்று கேட்டாள்.

இன்றைய நிலவரம் இது. அக்காவுக்கு ஒன்பதாவது மாதம் நடக்கிறது. எடை ஏறுகிறது. குழந்தை இன்னும் கொஞ்சம் சிறியதுதான், ஆனால் வளர்கிறது, கவனித்துக்கொண்டிருப்போம் என்கிறார் டாக்டர். முட்டையால்தான் என்று நான் சொல்ல மாட்டேன், போதிய சாப்பாட்டால் என்று சொல்வேன். மாமியார் வீட்டிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு பன்னீர் பாக்கெட் வருகிறது, அதை எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறோம், நன்றாகத்தான் இருக்கிறது. முட்டை முப்பது காசு ஏறியிருக்கிறது. அத்தான் என்னோடு பேசுவதில்லை. அம்மா இன்னும் தன் முட்டையைச் சாப்பிடவில்லை. தடைக்காலம் முடிய இன்னும் நாட்கள் இருக்கின்றன.